லித்தியம் வகுப்பை எங்கிருந்து தொடங்குவது? நர்சிங் மாணவர்களுக்கான மூன்று பாட அமைப்புகள்: ஓர் ஒப்பீடு

பி.எஸ்சி. நர்சிங் மனநலப் பாடத்தில் மூட் ஸ்டெபிலைசர் மருந்துகளுக்குப் பெரும்பாலும் ஒரு வகுப்புதான் கிடைக்கும், மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்குள் லித்தியம், வால்ப்ரோயேட், கார்பமசெபின், லமோட்ரிஜின் என்று நான்கு மருந்துகளை நடத்தி முடிக்க வேண்டும். எதைச் சொல்வது என்பதில் ஆசிரியருக்குக் குழப்பம் வராது, பாடப்புத்தகத்திலேயே எல்லாம் இருக்கிறது. எந்த வரிசையில் சொல்வது, எதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பது, நோயாளிக் குறிப்புகளை எங்கே வைப்பது என்பதில்தான் வகுப்பு நிற்பதும் விழுவதும் இருக்கிறது. நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. 50 நிமிட வகுப்பு ஒன்றை மனதில் வைத்து மூன்றையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதல் வழி: மருந்து வாரியாக

வழக்கமான முறை இது. ஒவ்வொரு மருந்துக்கும் வகை, செயல்படும் விதம், எதற்குத் தருகிறோம், டோஸ், பக்கவிளைவு, செவிலியர் பொறுப்பு என்று ஆறு தலைப்புகள். நான்கு மருந்துக்கு நான்கு முறை இதே சுற்று. தேர்வில் கேள்வி வருவதும் இந்த வடிவத்தில்தான் என்பதால் மாணவர்களுக்கு இது பாதுகாப்பாகத் தெரியும். தயாரிக்கவும் எளிது.

இதன் குறை வார்டில் தெரியும். நான்கு மருந்துக்கும் "குமட்டல், தூக்கம், நடுக்கம், எடை கூடுதல்" என்று ஏறக்குறைய ஒரே பட்டியலைக் கேட்ட மாணவிக்கு, நோயாளியின் கை நடுங்கும்போது அது பொறுத்துக்கொள்ளக்கூடிய நடுக்கமா, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய நடுக்கமா என்று பிரிக்கத் தெரியாது. பட்டியலில் இரண்டும் "நடுக்கம்" என்ற ஒரே சொல்லாகத்தான் இருக்கும். இன்னொன்று, நேரம் சமமாகப் பங்கிடப்படுகிறது. ஆனால் இந்த நான்கு மருந்துகளும் நர்ஸிடம் கேட்கும் வேலை சமமானதல்ல. இரத்தத்தில் வேலை செய்யும் அளவும் நஞ்சாகும் அளவும் லித்தியத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிஈக்விவலன்ட் வரை சிகிச்சை அளவு என்று எடுத்துக்கொண்டால், 1.5-ஐத் தாண்டியதுமே நச்சு அறிகுறிகளை எதிர்பார்க்க வேண்டும். இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள மருந்துக்கும் மற்றவற்றுக்கும் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்பது சரியான பங்கீடு ஆகாது.

இரண்டாம் வழி: செயல்படும் விதத்திலிருந்து

மருந்தியல் துறையிலிருந்து வரும் ஆசிரியர்கள் விரும்பும் முறை. இனோசிட்டால் சுழற்சி, ஜி.எஸ்.கே-3 நொதி, சோடியம் வாயில்கள், காபா என்று தொடங்கி மருந்துகளுக்கு வருவது. மருத்துவ மாணவர்களுக்கு இது பொருந்தலாம். நர்சிங் வகுப்புக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். லித்தியம் மூளையில் எப்படி மனநிலையைச் சீராக்குகிறது என்பது இன்னும் முழுமையாகத் தெளிவாகாத விஷயம். அதற்கு இருபது நிமிடம் செலவழித்தாலும், இரவு டியூட்டியில் மாணவி எடுக்கும் எந்த முடிவும் அதனால் மாறப்போவதில்லை. மூன்று வாக்கியம் போதும்.

ஆனால் இந்த வழியில் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு: லித்தியம் சிறுநீரகத்தில் என்ன ஆகிறது என்பது. அது தெளிவாகத் தெரிந்தால், மனப்பாடம் செய்ய வேண்டிய எச்சரிக்கைகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

மூன்றாம் வழி: முடிவெடுக்கும் தருணத்திலிருந்து

நோயாளி முன்னால் நிற்கிறார், மாத்திரை ட்ரேயில் இருக்கிறது. கொடுப்பதா, நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிடுவதா? இந்தக் கேள்வியில் வகுப்பைத் தொடங்கி, அதற்கு விடை சொல்லத் தேவையான மருந்தியலை மட்டும் உள்ளே கொண்டுவருவது. நாங்கள் சொல்வது இந்த வழியைத்தான், ஒரு திருத்தத்தோடு. நான்கு மருந்தையும் இப்படிச் சம அளவில் நடத்தாமல், லித்தியத்துக்குப் பாதிக்கு மேல் நேரம் கொடுத்து ஆழமாகப் போக வேண்டும். மற்ற மூன்றையும் ஆளுக்கு ஒரு சிறு நோயாளிக் குறிப்போடு, லித்தியத்திலிருந்து எங்கே வேறுபடுகின்றன என்ற கோணத்தில் நடத்த வேண்டும்.

இதற்கும் குறை இல்லாமல் இல்லை. தேர்வுக்குப் படிக்கும்போது கோவையான குறிப்பு மாணவர் கையில் இருக்காது. அதனால் மருந்து வாரியான ஆறு தலைப்பு அட்டவணையை ஒரே தாளில் அச்சிட்டு, வகுப்பு முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும். முன்னாலேயே கொடுத்தால் மாணவர்கள் நோயாளியைப் பார்க்காமல் தாளில் விடை தேடத் தொடங்கிவிடுவார்கள்.

லித்தியப் பகுதி நடக்கும் விதம்

திரையில் முதலில் வருவது இதுதான், வேறு முன்னுரை வேண்டாம்:

"48 வயதுப் பெண். பைபோலார் கோளாறுக்கு மூன்று ஆண்டுகளாக லித்தியம் தினம் 900 மி.கி. நான்கு மாதத்துக்கு முன் எடுத்த லெவல் 0.8. மூன்று வாரத்துக்கு முன் வேறொரு மருத்துவர் பி.பி.க்காக டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை எழுதி, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரமாக முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபினாக். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. 'சிஸ்டர், டம்ளரைக்கூடப் பிடிக்க முடியல, கை அப்படி ஆடுது' என்கிறார். பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது. பி.பி. 100/60, நாடி 104. இரவு 9 மணி லித்தியம் உங்கள் ட்ரேயில் இருக்கிறது."

கீழே மூன்று தேர்வுகள்: கொடுக்கலாம், கொடுத்துவிட்டுக் காலை ரவுண்ட்ஸில் சொல்லலாம், நிறுத்திவைத்து இப்போதே டாக்டரைக் கூப்பிடலாம். ஒவ்வொருவரும் ஒரு எழுத்தைத் தாளில் எழுதிய பிறகுதான் கை தூக்கச் சொல்ல வேண்டும். எழுதாமல் கை தூக்கச் சொன்னால் முன்வரிசையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கை எழும். இரண்டாவது தேர்வை வைத்திருப்பது வேண்டுமென்றேதான். தயங்கும் மாணவிக்கு நடுவழியாகத் தோன்றுவது அதுதான், வார்டில் ஆபத்தானதும் அதுதான்.

விடையை உடனே சொல்லாமல் கரும்பலகைக்குப் போய் ஒரு நெஃப்ரானை வரைய வேண்டும். லித்தியம் கல்லீரலில் சிதைவதில்லை, புரதத்தோடு ஒட்டுவதில்லை, அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. வடிகட்டப்பட்ட லித்தியத்தில் பெரும்பகுதியை அண்மைச் சுருள்குழாய் சோடியத்தோடு சேர்த்துத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அந்தக் குழாய் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. உடலில் சோடியம் குறைந்தால் அது சோடியத்தைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும், லித்தியமும் கூடவே தங்கிவிடும். இந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு நோயாளிக் குறிப்பின் ஒவ்வொரு வரியையும் மாணவர்களையே விளக்கச் சொல்லலாம். தயசைட் சோடியத்தை வெளியேற்றியது, சிறுநீரகம் ஈடுகட்டப் போய் லித்தியத்தைப் பிடித்தது. உப்பைக் குறைத்தது அதே திசையில் தள்ளியது. டெல்மிசார்டான் வடிகட்டும் அழுத்தத்தைக் குறைத்தது. டைக்ளோஃபினாக் புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்துச் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைத்தது. கடைசியாக வயிற்றுப்போக்கில் நீரும் உப்பும் போயின. லித்தியத்தின் டோஸ் ஒரு மில்லிகிராம்கூட மாறவில்லை, ஆனால் லெவல் ஏறிவிட்டது.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி பாடத்தோடு பொருந்தும். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் மேனியாவுக்கு லித்தியம் பயன்படுவதை வெளியிட்ட அதே 1949-இல், அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டுச் சிலர் இறந்துபோனார்கள். சோடியத்தை ஒதுக்கிய உடலில் லித்தியத்தை அள்ளிப் போட்டதன் விளைவு அது. கரும்பலகைப் படத்தைக் காட்டி, ஏன் அப்படி ஆனது என்று கேட்டால் வகுப்பே விடை சொல்லும்.

வயிற்றுப்போக்கு வரியில் சற்று நிற்க வேண்டும். அது லித்தியம் ஏறியதற்குக் காரணமாகவும் இருக்கலாம், லித்தியம் ஏறியதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். மாணவர்கள் இதில் எது என்று தீர்மானிக்கப் பார்ப்பார்கள். படுக்கையருகே அதைத் தீர்மானிக்கத் தேவையில்லை. எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே.

இப்போது விடை. டோஸை நிறுத்திவைத்து, டாக்டரைக் கூப்பிட வேண்டும். போனில் சொல்ல வேண்டியவற்றை மாணவர்களே வரிசையாகச் சொல்லட்டும்: கடைசி லித்தியம் எத்தனை மணிக்கு எடுத்தார், எவ்வளவு, புதிதாகச் சேர்ந்த மருந்துகள், நடுக்கம் எப்படிப்பட்டது, நினைவு தெளிவாக இருக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனார். இரத்தத்தில் லித்தியம் லெவல், கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், கூடவே ஒரு ஈ.சி.ஜி. உத்தரவுப்படி நார்மல் சலைன். கரியைக் கொடுக்கலாமா என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். லித்தியம் கரியில் ஒட்டாது, அதனால் பயனில்லை. உட்கொள்ளும் நீரும் வெளியேறும் நீரும் அளந்து எழுத வேண்டும். பல ஆண்டுகள் லித்தியம் எடுத்தவரின் சிறுநீரகம் நீரைத் தக்கவைக்கும் திறனை இழந்திருக்கலாம். அவர் நீராகவே சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது சலைன் மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் சோடியம் ஏறிவிடும். அதனால் சோடியத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். வலிப்பு, நினைவு மங்குதல், உயிருக்கு ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறு ஆகியவை வந்தால் லெவல் எவ்வளவு என்று பாராமல் டயாலிசிஸுக்கு யோசிப்பார்கள். இந்த நோயாளியின் ரிப்போர்ட் 2.1 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரே நோயாளி, சில விவரங்கள் மட்டும் மாற்றம்

புதிய நோயாளிகளை வரிசையாகக் கொண்டுவருவதைவிட, இதே பெண்ணின் கதையில் சில விவரங்களை மாற்றி மறுபடி கேட்பது அதிகம் கற்றுத்தரும். மாணவரின் கவனம் மாறிய இடத்தில் மட்டும் நிற்கும். மூன்று மாற்றங்கள் போதும்.

முதல் மாற்றம்: புது மாத்திரை எதுவும் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. கையை நீட்டினால் விரல் நுனியில் மட்டும் மெல்லிய, வேகமான நடுக்கம். நடை சரியாக இருக்கிறது, பேச்சு தெளிவு, லெவல் 0.9. இப்போது டோஸைக் கொடுக்கலாம், நடுக்கத்தை எழுதி வைத்து மருத்துவரிடம் சொல்லலாம். இந்த மாற்றத்தை விடவே கூடாது. நான்கு குறிப்புக்கும் "நிறுத்து, கூப்பிடு" என்றே விடை இருந்தால் மூன்றாவது குறிப்பிலேயே மாணவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதன் பிறகு யாரும் குறிப்பைப் படிக்க மாட்டார்கள். காரணமில்லாமல் மருந்தை நிறுத்துவதும் தவறுதான். லித்தியம் திடீரென்று நின்றால் மேனியா திரும்பி வரும் ஆபத்து உண்டு.

இரண்டாம் மாற்றம்: முதலில் சொன்ன அதே தள்ளாட்டம், அதே குழறல். ஆனால் லெவல் 1.3. "பெரிதாக ஏறவில்லையே, கொடுக்கலாம்" என்று சிலர் எழுதுவார்கள். நீண்டகாலம் எடுப்பவர்களிடம், குறிப்பாக வயதானவர்களிடம், இரத்தத்தில் உள்ள எண்ணும் மூளையில் உள்ள அளவும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். எண் சொல்வதும் நோயாளி காட்டுவதும் முரண்பட்டால் நோயாளி காட்டுவதையே நம்ப வேண்டும்.

மூன்றாம் மாற்றம்: நோயாளி நன்றாக நடக்கிறார், பேசுகிறார், சாப்பிடுகிறார். ரிப்போர்ட்டில் 2.4. இது நர்சிங் வகுப்புக்கே உரிய கேள்வி, ஏனென்றால் பிழை இரத்தம் எடுத்த இடத்தில் இருக்கக்கூடும். இரண்டு சந்தேகங்கள். ஒன்று நேரம். வழக்கமான லெவல் கடைசி டோஸுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்கப்பட வேண்டும். இரவு 9 மணிக்கு மாத்திரை என்றால் காலை 9 மணிக்கு இரத்தம், காலை டோஸ் இருந்தால் அது இரத்தம் எடுத்த பிறகு. காலை மாத்திரையைப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரத்தில் எடுத்த இரத்தம் உச்ச அளவைக் காட்டும். இன்னொன்று குழாய். பச்சை மூடிக் குழாய்களில் ஒரு வகை உள்ளே லித்தியம் ஹெப்பரின் பூசியது. அதில் எடுத்த இரத்தத்தில் குழாயின் லித்தியமும் சேர்ந்துகொள்ளும், லித்தியமே சாப்பிடாதவருக்குக்கூட நச்சு அளவு காட்டும். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் லேபிளைப் படிக்க வேண்டும். வகுப்புக்கு இரண்டு வெற்றுக் குழாய்களை எடுத்துவந்து கையில் கொடுத்துவிட்டால் இந்தப் பாடம் மறக்காது. அடுத்த டோஸை நிறுத்திவைத்து, டாக்டரிடம் சொல்லி, சரியான குழாயில் மறுபடி எடுத்து அனுப்புவதுதான் விடை.

ஒரு எச்சரிக்கை. நச்சு என்று சந்தேகப்படும்போது பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்கக் கூடாது. உடனே எடுத்து, கடைசி டோஸ் நேரத்தைப் படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், பன்னிரண்டு மணி விதியை நன்றாகப் படித்த மாணவிதான் காலை வரை காத்திருப்பாள்.

மற்ற மூன்று மருந்துகள்

இவற்றுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம். எல்லாவற்றையும் சொல்ல முயலாமல், ஒவ்வொன்றிலும் நர்ஸால் தடுக்கக்கூடிய ஒரு விபத்தை எடுத்துக்கொள்வது நல்லது.

வால்ப்ரோயேட்டுக்கு இரண்டு குறிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். மருந்து தொடங்கிய ஒரு வாரத்தில் நோயாளி தூங்கி வழிகிறார், குழம்புகிறார், கல்லீரல் பரிசோதனை இயல்பு என்பது ஒன்று. அம்மோனியா ஏறியிருக்கலாம் என்பது அதன் விடை. இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் சேர்ந்து வரும். மற்றொன்று: 22 வயதுப் பெண், நாளை டிஸ்சார்ஜ், வால்ப்ரோயேட் 1000 மி.கி., மருந்து வாங்க வந்த அம்மா, "அடுத்த மாசம் கல்யாணம் வச்சிருக்கோம் சிஸ்டர்" என்கிறார். இரண்டாவதையே எடுக்கச் சொல்வோம். கருவில் வால்ப்ரோயேட் பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் பெரிய பிறவிக் குறைபாடுகளும், நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பேருக்கு வளர்ச்சிக் குறைபாடுகளும் காணப்படுகின்றன. நரம்புக்குழல் மூடுவது கருத்தரித்த நான்கு வாரத்துக்குள், அதாவது மாதவிடாய் தள்ளிப்போனது தெரியவரும் நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே கல்யாணச் செய்தி டிஸ்சார்ஜுக்கு முன்பே மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும். மாணவர்கள் இங்கே செய்யும் தவறு, "மாத்திரையை நிறுத்திடுங்கம்மா" என்று தாங்களே சொல்லிவிடுவது. மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினால் மேனியா திரும்பும். சொல்ல வேண்டியது: "டாக்டர்கிட்ட இதைப் பத்திப் பேசாம வீட்டுக்குப் போக வேண்டாம், நானே இப்போ சொல்றேன்."

லமோட்ரிஜினுக்கு விட்டுப்போன மாத்திரை. தினம் 200 மி.கி. எடுத்தவர், ஊருக்குப் போய்ப் பத்து நாள் மாத்திரை இல்லாமல் இருந்துவிட்டு ஓ.பி.க்கு வருகிறார். பழைய சீட்டுப்படி 200 கொடுக்கலாமா? கூடாது. ஐந்து அரை ஆயுளுக்கு மேல், அதாவது சுமார் ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் முதல் படியிலிருந்து ஏற வேண்டும்: இரண்டு வாரம் 25 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 50 மி.கி., பிறகு மருத்துவர் சொல்லும் படிகள். வேகமாக ஏற்றினால் உயிரைப் பறிக்கக்கூடிய தோல் கொப்புள நோய்க்கான ஆபத்து கூடும். வால்ப்ரோயேட்டும் சேர்த்து எடுப்பவராக இருந்தால் அது லமோட்ரிஜின் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், எனவே ஒன்றுவிட்டு ஒரு நாள் 25 மி.கி.யில் தொடங்குவார்கள். இந்தக் குறிப்பில் எந்த ஆய்வக எண்ணும் இல்லை. கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?"

கார்பமசெபினுக்கு: தொடங்கிய மூன்றாம் வாரம், காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல், வாயில் புண், மார்பில் சிவந்த தடிப்பு. "அம்மையா இருக்கும்" என்று வீட்டில் வேப்பிலை வைத்திருக்கிறார்கள். டோஸை நிறுத்திவைத்து உடனே அழைக்க வேண்டிய நிலைமை இது. எச்.எல்.ஏ-பி*1502 மரபணு உள்ளவர்களுக்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம், ஆசிய மக்களிடம் அந்த மரபணு கூடுதலாகக் காணப்படுகிறது. சோடியம் குறைவது, கருத்தடை மாத்திரை பலனற்றுப் போவது ஆகியவை அச்சிட்ட தாளுக்குப் போகலாம்.

நேரம், குறிப்பு எழுதும் விதம்

50 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: முதல் குறிப்பும் வாக்கெடுப்பும் 5, சிறுநீரகப் படம் 8, விடையும் செய்முறையும் 7, மூன்று மாற்றங்கள் 10, மற்ற மருந்துகள் 15, கடைசி எழுத்துக் கேள்வி 5. பெரும்பாலும் சிறுநீரகப் படம்தான் நேரத்தைத் தின்னும். நெஃப்ரானின் எல்லாப் பகுதிகளையும் வரையத் தொடங்கினால் அப்படித்தான் ஆகும். வடிகட்டும் இடம், அண்மைச் சுருள்குழாய் என்ற இரண்டும் இருந்தால் போதும்.

குறிப்பு ஏழெட்டு வரிக்கு மேல் போகக் கூடாது. அந்த நேரத்தில் வார்டில் கிடைக்காத தகவலை அதில் வைக்கக் கூடாது: இரவு 9 மணி முடிவுக்கு, மறுநாள் காலை வரும் லெவலைக் குறிப்பிலேயே கொடுத்துவிட்டால் கேள்வி செத்துவிடும். "லித்தியம் நச்சுடன் வந்தவர்" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவதும் அப்படித்தான். "நடுக்கம் உள்ளது" என்று எழுதாமல் டம்ளர் பிடிக்க முடியவில்லை என்று எழுத வேண்டும். வார்டில் மாணவி பார்க்கப்போவது அதைத்தான், அதை மருத்துவச் சொல்லாக மாற்றும் வேலை அவளுடையது.

கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒரே கேள்வி போதும்: லித்தியம் எடுக்கும் ஒருவர் சித்திரை வெயிலில் வயல் வேலைக்குத் திரும்புகிறார், டிஸ்சார்ஜ் அன்று அவரிடம் என்ன சொல்வீர்கள் என்று பேச்சுத் தமிழில் நான்கு வரி எழுதச் சொல்ல வேண்டும். தண்ணீரும் உப்பும் எப்போதும் போல, திடீரென்று கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். வலி மாத்திரை கடையில் கேட்டு வாங்க வேண்டாம், வலி என்றால் பாராசிட்டமால். வாந்தி, பேதி வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் கூப்பிட வேண்டும். வேறு டாக்டரிடம் போனால் லித்தியம் எடுப்பதைச் சொல்ல வேண்டும். இந்த நான்கில் எது பலருக்கும் விட்டுப்போயிருக்கிறது என்று தாள்களைப் புரட்டிப் பார்த்தால், இரண்டாவது வகுப்பு கிடைத்தால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும்.